பேட்ச் எப்போது கரையத் தொடங்குகிறது?

ஒரு ஆன்லைன் வகுப்பை எடுத்துக்கொள்வோம். தரவுப் பகுப்பாய்வு பற்றிய 12 வாரப் பயிற்சி. பேட்சில் 40 பேர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், இரவு 7.30 முதல் 9 மணி வரை நேரலை வகுப்பு. பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள். நான்கு வாரம் ஓடிவிட்டது. 12 வகுப்புகள் நடந்திருக்கின்றன. ஒருங்கிணைப்பாளர் வருகைப்பதிவைத் திறந்து பார்க்கிறார். வரிசை எண் 7-க்கு 75 சதவீதம். வரிசை எண் 23-க்கும் 75 சதவீதம். இருவருமே 12-க்கு 9 வகுப்பு வந்திருக்கிறார்கள். சான்றிதழுக்கு 75 சதவீத வருகை போதும் என்பது விதி. ஆகவே இரண்டு பெயரும் பச்சை நிறத்தில் இருக்கின்றன.

ஆனால் எந்தெந்த நாள் வரவில்லை என்று பார்த்தால் கதை மாறிவிடுகிறது. 7-ஆம் எண் விட்டது 3, 6, 9 ஆகிய வகுப்புகளை. மூன்றும் சனிக்கிழமை. செவ்வாயும் வியாழனும் ஒன்றுகூடத் தவறவில்லை. 23-ஆம் எண் முதல் ஒன்பது வகுப்புக்கும் நேரத்துக்கு வந்தவர். 10, 11, 12 மூன்றிலும் ஆளே இல்லை. முதலாமவருக்குச் சனிக்கிழமை ஏதோ வேலை இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாமவர் ஒரு வாரமாகவே வகுப்பில் இல்லை. போய்விட்டாரா, போய்க்கொண்டிருக்கிறாரா என்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வாரம் இதுதான்.

மொத்தச் சதவீதம் என்பது கடந்த காலத்தின் சராசரி. ஆள் நின்றுபோவதை அது தாமதமாகத்தான் சொல்லும். பயிற்சி நகர நகர இன்னும் தாமதமாகச் சொல்லும். 23-ஆம் எண்ணின் வருகை 10-ஆம் வகுப்பன்று 90 சதவீதம், அடுத்து 82, அடுத்து 75. நான்காவது வகுப்பையும் தவறவிட்ட பிறகுதான் 69-க்கு இறங்கி, சிவப்பு நிறம் எரிகிறது. இதுவாவது பரவாயில்லை. எட்டு வாரம், அதாவது 24 வகுப்பும் விடாமல் வந்த ஒருவர் அப்புறம் சட்டென்று நின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சதவீதம் 75-க்குக் கீழே போக ஒன்பது வகுப்பு தவற வேண்டும். முழுதாக மூன்று வாரம். ஒழுங்காக வந்தவர் என்பதாலேயே அவர் காணாமல் போனது கடைசியாகத் தெரிகிறது. அதற்குள் மூன்று வாரப் பாடம் சேர்ந்துவிடும். திரும்பி வர நினைத்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று மலைப்பாகிவிடும்.

ஆகவே ‘எத்தனை சதவீதம்’ என்பதைவிட ‘கடைசியாக வந்து எத்தனை வகுப்பு ஆயிற்று’ என்ற கேள்விதான் இந்த வேலைக்குச் சரியான கேள்வி. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு கூகுள் ஷீட்டே இதைச் சொல்லிவிடும். ஆனால் அந்த ஷீட்டுக்குள் போகும் தரவு சுத்தமாக இருக்க வேண்டும். வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஜூம் போன்ற செயலிகள் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அறிக்கை தரும். யார், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், எத்தனை நிமிடம் இருந்தார் என்று வரிசை வரிசையாக இருக்கும். முதன்முதலில் அதைத் திறப்பவருக்குத் தலை சுற்றும். 40 பேர் உள்ள வகுப்புக்கு 70, 80 வரிசை இருக்கும். நெட் விட்டுவிட்டு வந்தால் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் ஒரு புது வரிசை. காத்திருப்பு அறையில் நின்ற நேரம் தனி வரிசையாக வந்திருக்கலாம். அதை வகுப்பு நேரத்தோடு கூட்டிவிடக் கூடாது. ஒருவர் மடிக்கணினியில் பாடம் பார்த்துக்கொண்டே போனிலும் நுழைந்திருந்தால் அதே 90 நிமிடம் இரண்டு தடவை எண்ணப்பட்டு, வகுப்பைவிட நீளமாக 180 நிமிடம் இருந்ததாகக் கணக்கு வரும்.

பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி. போனின் மாடல் பெயரிலேயே ஒருவர் வருவார். அப்பாவின் பெயரில் மகள் வருவார். சிலர் இனிஷியலை ஒரு நாள் முன்னால் போடுவார்கள், ஒரு நாள் பின்னால் போடுவார்கள், தமிழில் ஒரு நாள், ஆங்கிலத்தில் ஒரு நாள். கணினிக்கு இவர்கள் எல்லாம் வெவ்வேறு ஆட்கள். இதற்கு ஒரே வழி, எல்லோருக்கும் ஒரே பொது லிங்கை வாட்ஸாப் குழுவில் போடாமல், முன்பதிவு செய்து நுழையும்படி வைப்பது. அப்போது ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் போகும், பெயர் எப்படி மாறினாலும் பதிவு செய்த மின்னஞ்சல் அறிக்கையில் நிற்கும். பெயரை வைத்துக் கணக்குப் பார்க்காமல் மின்னஞ்சலை வைத்துப் பார்ப்பது இந்த வேலையின் முதல் ஒழுங்கு.

இன்னொன்று, பார்வைக்குப் படாத ஓட்டை. அறிக்கையில் வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். வராதவர் பெயர் அதில் எங்குமே இருக்காது. தினமும் அறிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு 31 பேர், 29 பேர், 30 பேர் என்று எண்ணிக்கை ஏறி இறங்குவதுதான் தெரியும். அதே 30 பேர் வருகிறார்களா, மாறி மாறி வருகிறார்களா என்பது தெரியாது. ஆகவே கட்டணம் கட்டிச் சேர்ந்த 40 பேரின் பட்டியல்தான் அடித்தளம். அறிக்கையை அதன்மேல் பொருத்த வேண்டும். நின்றுபோனவர்களின் பெயரை வழியில் நீக்கவும் கூடாது. நீக்கினால் என்ன ஆகும்? 10 பேர் போய்விட்டார்கள், மீதி 30 பேரில் 27 பேர் வருகிறார்கள் என்றால் வருகை 90 சதவீதம் என்று ஷீட் பெருமையாகச் சொல்லும். சேர்ந்த 40 பேரை வைத்துப் பார்த்தால் அது 67.5. பேட்ச் கரையக் கரைய வருகைச் சதவீதம் ஏறிக்கொண்டே போகும் விநோதத்துக்கு இந்த நீக்கம்தான் காரணம்.

தரவு சுத்தமானதும் மூன்று தாள்கள் போதும். `Log` என்ற தாளில் தேதி, மின்னஞ்சல், அன்று இருந்த மொத்த நிமிடம். `Classes` என்ற தாளில் நடந்து முடிந்த வகுப்புகளின் தேதிகள் மட்டும். மூன்றாவது தாள், 40 பேரின் பட்டியல். அதில் A நிரலில் மின்னஞ்சல். பாதி நேரமாவது, அதாவது 45 நிமிடமாவது இருந்தால்தான் வந்ததாகக் கணக்கு என்று ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால், D நிரலில் இந்தச் சூத்திரம் கடைசியாக வந்த தேதியைக் காட்டும்:

```
=MAXIFS(Log!A:A, Log!B:B, A2, Log!C:C, ">=45")
```

அந்தத் தேதிக்குப் பிறகு எத்தனை வகுப்பு நடந்திருக்கிறது என்பதை E நிரல் சொல்லும்:

```
=COUNTIF(Classes!A:A, ">"&D2)
```

இந்த E நிரலை இறங்குவரிசையில் அடுக்கினால் மேலே வருபவர்கள்தான் இந்த வாரம் விசாரிக்க வேண்டியவர்கள். 7-ஆம் எண்ணுக்கு அங்கே 0 என்று இருக்கும், 23-ஆம் எண்ணுக்கு 3. ஒரே 75 சதவீதம் இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாளைக் கணக்கில் எடுக்காமல் வகுப்பை எண்ணுவதற்கும் காரணம் உண்டு. பொங்கலுக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டால், நாளை எண்ணும் ஷீட் பேட்ச் முழுவதையும் சிவப்பாக்கிவிடும். நடந்த வகுப்பை எண்ணும் ஷீட் பேசாமல் இருக்கும். ஒரு வகுப்புக்குக்கூட வராதவருக்கு D நிரலில் பூஜ்யம் வரும் (தேதி வடிவில் வைத்திருந்தால் 1899-ஆம் ஆண்டு என்று காட்டும், பதற வேண்டாம்); E நிரலில் நடந்த வகுப்புகளின் மொத்த எண்ணிக்கை வந்து நிற்கும்.

முதல் வகுப்புக்கே வராதவர்கள் தனி இனம். அவர்களை ‘பாதியில் நின்றவர்கள்’ கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்து முழுப் படமே மாறும். 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் முதல் இலவச இணையப் பாடமாக மின்சுற்றுகள் பற்றிய ஒன்றை நடத்தியது. பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர். சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட முடிக்கவில்லை என்று இந்தக் கணக்கு உலகமெங்கும் பேசப்பட்டது. ஆனால் முதல் வீட்டுப்பாடத்தில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 26,349 பேர்தான். அவர்களை அடித்தளமாக வைத்தால் முடித்தவர்கள் 27 சதவீதம். ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் பேர் முதல் வீட்டுப்பாடத்தைத் தாண்டவே இல்லை. அதை ‘மெல்ல மெல்லச் சோர்ந்து நின்றார்கள்’ என்று சொல்ல முடியாது; ஆரம்பிக்கவே இல்லை. பணம் கட்டிச் சேரும் சிறிய பேட்சிலும் இதே வடிவம் சின்ன அளவில் தெரியும். முதல் அசைன்மென்ட்டுக்கு முன்னால் உதிர்கிறவர்கள் ஒரு கூட்டம், எட்டாவது வாரத்தில் உதிர்கிறவர்கள் வேறொரு கூட்டம். இருவருக்கும் காரணம் வேறு, போய்ப் பேச வேண்டிய பேச்சும் வேறு.

முதல் அசைன்மென்ட் பற்றிப் பேசும்போது பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மில்டன் கீன்ஸ் நகரில் இருந்து இயங்கும் இந்தத் தொலைநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கப்பட்டது. மாணவர்கள் தொலைந்துபோவது எப்படி என்று அதற்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது எனலாம். 2017-இல் அதன் ஆய்வாளர்கள், மாணவர்களின் அடையாளத்தை நீக்கிவிட்டு, ஏழு பாடங்களின் தரவைப் பொதுவில் வைத்தார்கள். மொத்தம் 32,593 மாணவர் பதிவுகள். அவற்றில் 10,156 பதிவுகள் ‘விலகினார்’ என்று முடிகின்றன. இன்னொரு 7,052 ‘தேர்ச்சி இல்லை’ என்று முடிகின்றன. அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விலகியிருக்கிறார். பாடத்தளத்தில் யார் எந்த நாளில் எதை எத்தனை முறை சொடுக்கினார் என்று ஒரு கோடிக்கு மேற்பட்ட வரிசைகள் அதில் உண்டு.

அந்தத் தரவில் ஒரு சின்ன விஷயம் ரசிக்கத்தக்கது. பாடம் தொடங்கும் நாள் பூஜ்யம். அதற்கு முன்னால் வந்து எட்டிப் பார்த்தவர்களின் நாள், மைனஸ் எண்ணாகப் பதிவாகியிருக்கும். பாடம் தொடங்குவதற்கு முன்பே மாணவர் என்ன செய்தார் என்பதும் பதிவில் இருக்கிறது என்று அர்த்தம். நம் பேட்சிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. முன்பதிவு லிங்கை அனுப்பியதும் பதிவு செய்தவர், முதல் வகுப்பன்று இரவு 7.25-க்கு ‘மேடம், லிங்க் எங்கே?’ என்று கேட்டவர் என்று இரண்டு வகையினரையும் குறித்து வைத்திருந்தால், மூன்றாம் வாரத்தில் அந்தக் குறிப்பு உதவும்.

அதே பல்கலைக்கழகம், ‘ஓ.யூ. அனலைஸ்’ என்ற பெயரில் ஓர் எச்சரிக்கை அமைப்பையும் வைத்திருக்கிறது. அது கேட்கும் கேள்வி எளியது: இந்த மாணவர் அடுத்த அசைன்மென்ட்டைச் சமர்ப்பிப்பாரா, மாட்டாரா? வாராவாரம் ஒரு பட்டியல் ஆசிரியர்கள் கைக்குப் போகும். முடிவாகத் தேறுவாரா என்று பல மாதம் தள்ளி நடப்பதை ஊகிக்காமல், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஒன்றை ஊகிப்பதுதான் இதில் உள்ள கெட்டிக்காரத்தனம். ஊகம் தவறா சரியா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். தவறினால் கணக்கைத் திருத்தலாம். அங்கே நேரலை வகுப்பு வருகை பெரிதல்ல, தளத்துக்கு வந்து போவதும் அசைன்மென்ட்டும்தான் வருகை. முதல் அசைன்மென்ட்டைக் கொடுக்காதவர் பாடத்தை முடிப்பது அபூர்வம் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது.

ஆனால் இதை அப்படியே எல்லா இடத்துக்கும் தூக்கிவந்து வைக்க முடியாது. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் பெயரோடு தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நன்றாகப் பரவியிருப்பவை அவை. 12 வாரப் பாடத்தில் 12 அசைன்மென்ட். அவற்றில் சிறந்த எட்டின் மதிப்பெண்தான் கணக்கு. அப்படியானால் நான்கை விட்டுவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று மாணவருக்குத் தெரியும். அங்கே ஒரு அசைன்மென்ட் விடுபடுவது ஆபத்தின் அறிகுறி அல்ல, சாமர்த்தியத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். எது எச்சரிக்கை, எது இல்லை என்பதைப் பாடத்தின் விதியே தீர்மானிக்கிறது. எச்சரிக்கைக் கோட்டைப் போடுவதற்கு முன்னால் மதிப்பெண் விதியை ஒரு தடவை வாசிப்பது நல்லது.

வருகை விதிக்கும் இதே கதிதான். சான்றிதழுக்கு 75 சதவீத வருகை கட்டாயம் என்று வைத்தால், லிங்கைத் திறந்து மியூட்டில் போட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போகிறவர்களும் முழு வருகையோடு இருப்பார்கள். திரையைப் பார்க்கிறார்களா என்று வேவு பார்க்கும் வசதி ஒன்று ஜூமில் முன்பு இருந்தது. ஜூம் ஜன்னலை விட்டு ஒருவர் 30 விநாடிக்கு மேல் வேறெங்காவது போனால் நடத்துபவருக்கு அடையாளம் காட்டும். கொரோனா காலத்தில் எல்லோரும் ஜூமுக்குள் வந்தபோது இதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பி, 2020 ஏப்ரலில் அந்த நிறுவனமே அதை நீக்கிவிட்டது. நீக்கியதில் நஷ்டமும் இல்லை. குறிப்பு எடுக்க இன்னொரு ஜன்னலைத் திறந்தவரும் அதில் கவனமில்லாதவராகத்தான் தெரிந்தார். அதைவிட, வகுப்பின் நடுவே இரண்டு வரிக் கேள்வியைப் போட்டு யார் யார் பதில் சொன்னார்கள் என்று பார்ப்பது நேர்மையான வழி. முழு வருகையோடு இருந்து, மூன்று வகுப்பாக ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாதவரும் விசாரிக்க வேண்டியவர்தான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. நேரலைக்கே வராமல் ரெக்கார்டிங்கை மட்டும் பார்த்துப் படிக்கிறவர்கள். 7-ஆம் எண்ணின் சனிக்கிழமைகளைத் திரும்பிப் பார்ப்போம். ரெக்கார்டிங் தளத்தின் பதிவில் அவர் ஒவ்வொரு ஞாயிறு காலையும் முந்தைய நாள் வகுப்பை ஓடவிட்டிருக்கிறார் என்றால் அவரைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மூன்று இணையப் பாடங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, மாணவர்களை நான்கு வகையாகப் பிரித்தது: முடிப்பவர்கள், தேர்வெழுதாமல் வீடியோவை மட்டும் பார்ப்பவர்கள், தொடங்கிப் பாதியில் நிற்பவர்கள், அங்கொன்று இங்கொன்று எட்டிப் பார்ப்பவர்கள். இரண்டாவது வகையினரை மூன்றாவது வகையில் தள்ளிவிடும் ஷீட்தான் ஒருங்கிணைப்பாளர்களின் நேரத்தை அதிகம் வீணாக்குகிறது. D நிரலில் ‘வந்தார்’ என்பதற்கு நேரலையில் 45 நிமிடம் அல்லது ரெக்கார்டிங்கில் பாதிக்கு மேல் என்று விதியைத் தளர்த்தினால் இது தீரும்.

நேரம் தள்ளிப்போவது இன்னொரு அறிகுறி. முதல் வாரம் 7.28-க்கு வந்தவர், இரண்டாம் வாரம் 7.35, மூன்றாம் வாரம் 7.50 என்று வருகிறார் என்றால் ஏதோ இறுகிக்கொண்டிருக்கிறது. ஆனால் இதைத் தனியாக நம்ப முடியாது. பேருந்து நேரம் மாறியதற்கும் மனம் மாறியதற்கும் ஷீட்டில் ஒரே தோற்றம்தான். அசைன்மென்ட்டும் தாமதமாகி, நேரமும் தள்ளிப்போனால் அப்போது கவனிக்கலாம்.

சரி, கோட்டை எங்கே போடுவது? இரண்டு வகுப்பு தொடர்ந்து வராவிட்டால் கூப்பிடுவதா, மூன்றுக்கா? இது கணக்கும் மனித நேரமும் சேர்ந்த கேள்வி. நம் 40 பேர் பேட்சில் கடைசியில் 10 பேர் நின்றுபோவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகுப்புக்குக் கோடு போட்டால், அந்தப் பத்தில் எட்டுப் பேரைச் சமயத்தில் பிடிக்கிறது என்றும், கூடவே காய்ச்சல், கல்யாணம், ஊர்த் திருவிழா என்று வராமல் போன ஒன்பது பேரையும் பிடிக்கிறது என்றும் வைப்போம். மொத்தம் 17 அழைப்பு; பாதிக்கு மேல் தேவையில்லாதவை. மூன்று வகுப்புக்குத் தள்ளினால் ஆறு பேர் சரியாகவும் மூன்று பேர் தவறாகவும் மாட்டுகிறார்கள். ஒன்பது அழைப்புதான், சுத்தமான பட்டியல். ஆனால் இரண்டு பேரைக் கோட்டைவிட்டோம், மாட்டிய ஆறு பேரிடமும் ஒரு வகுப்பு தாமதமாகப் பேசினோம்.

எது மேல்? அழைப்பு ஐந்து நிமிடம் என்றால் 17 அழைப்புக்கு ஒன்றரை மணி நேரம். அதுவும் ஒரே நாளில் அல்ல, பல வாரமாகப் பரவி வரும். தேவையில்லாமல் கூப்பிடப்பட்டவர் கோபித்துக்கொள்வாரா என்றால், விசாரிக்கிற தொனியில் பேசினால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார். எனவே 40 பேர் பேட்சுக்கு இரண்டு வகுப்புக் கோடுதான் சரி. 4,000 பேர் படிக்கும் இடத்தில் இதே கோடு 1,700 அழைப்பாகும். அங்கே மூன்றுக்குப் போவதோ, அசைன்மென்ட் விடுபட்டதையும் சேர்த்துப் பார்ப்பதோ தவிர வழியில்லை. கோடு எங்கே விழும் என்பதை, கூப்பிட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கடைசியில் முடிவு செய்கிறது.

அழைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். ‘உங்கள் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது’ என்று தானாகப் போகும் மின்னஞ்சல், ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவரை வெளியே தள்ளும் கடைசி உந்துதலாகக்கூட அமையலாம். பேச்சு இப்படிப் போனால் நல்லது:

“வணக்கம்பா, பயிற்சி மையத்துலேர்ந்து பேசுறேன். செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் காணோமே, உடம்பு ஏதும் சரியில்லையா?”

“இல்லைங்க மேடம். இந்த வாரத்துலேர்ந்து செகண்ட் ஷிஃப்ட் போட்டுட்டாங்க. வீட்டுக்கு வரவே பதினொண்ணு ஆயிடுது.”

“எத்தனை வாரத்துக்கு?”

“ரெண்டு வாரம்னு சொல்றாங்க. ஆனா ரெக்கார்டிங் பாக்கலாம்னா அது ஒன்றரை மணி நேரம் ஓடுது மேடம். ஒண்ணு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது.”

“எல்லாத்தையும் பாக்க வேணாம். பத்தாவது வகுப்புல முதல் நாப்பது நிமிஷம் மட்டும் பாருங்க, அடுத்தது அதுமேலதான் நிக்குது. அசைன்மென்ட்டுக்கு ஒரு வாரம் கூட எடுத்துக்கங்க.”

இது ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது. காரணம் தெரிந்தது, எத்தனை நாள் என்று தெரிந்தது, திரும்பி வருவதற்கு ஒரு சிறிய வாசலும் காட்டியாயிற்று. ஷீட்டில் F நிரலில் ‘ஷிஃப்ட், 2 வாரம்’ என்று இரண்டே சொல் எழுதினால் போதும். இந்தக் காரண நிரல் பேட்ச் முடியும்போது விலைமதிப்புள்ளதாக இருக்கும். பத்துப் பேரில் ஐந்து பேர் ‘ராத்திரி ஆச்சுன்னா அன்னன்னிக்கு உள்ள டேட்டா தீந்துடுது’ என்று சொல்லியிருந்தால் குறை மாணவர்களிடம் இல்லை. வகுப்பை ஆசிரியர் கேமராவை அணைத்துத் திரையை மட்டும் காட்டி நடத்துவதா, ரெக்கார்டிங்கைச் சின்ன அளவில் கொடுப்பதா என்று யோசிக்க வேண்டும். ஐந்து பேர் நான்காம் வாரப் பாடத்தோடு நின்றிருந்தால் பாடத்திட்டத்தில் அந்த இடம் செங்குத்தாக இருக்கிறது.

கடைசியாக, இப்படிக் கூப்பிட்டதால் உண்மையிலேயே பயன் இருந்ததா என்று எப்படித் தெரியும்? இங்கே கற்றவர்களே சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 முதல் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற அமைப்பை நடத்தியது. நேரடி வகுப்புகள் உள்ள பல்கலைக்கழகம்தான். ஆனால் மாணவரின் மதிப்பெண், பாடத்தளத்தில் அவர் செலவிடும் உழைப்பு, பழைய படிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, அவருடைய பாடப்பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு எரியவைத்தது. இந்த விளக்கு உள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படிப்பது மிக அதிகம் என்று அறிவிக்கப்பட்டது. பல நிறுவனங்கள் அதே வழியில் இறங்கின.

2013-இல் மைக்கேல் கால்ஃபீல்டு என்பவர் ஓர் எளிய சந்தேகத்தைக் கிளப்பினார். இரண்டாவது பாடத்தை எடுக்க வேண்டுமென்றால் மாணவர் அதுவரை படிப்பை விடாமல் இருந்திருக்க வேண்டுமே? முதல் பருவத்திலேயே நின்றவருக்கு இரண்டாவது விளக்குப் பாடம் எடுக்க வாய்ப்பே கிடைத்திருக்காது. அப்படியானால் விளக்குகளால் மாணவர்கள் தங்கினார்களா, தங்கியதால் அதிக விளக்குகளைப் பார்த்தார்களா? ஆல்ஃபிரட் எஸ்ஸா என்பவர் இதைக் கணினியில் ஒரு விளையாட்டாகவே செய்துகாட்டினார். விளக்குக்குப் பதிலாக, பாடத்துக்குப் பாடம் மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுப்பதாக வைத்துக் கணக்கிட்டார். அதிகச் சாக்லேட் வாங்கியவர்கள்தான் அதிகம் தங்கினார்கள் என்று வந்தது. சாக்லேட்டுக்கு அப்படி எந்தச் சக்தியும் கொடுக்கப்படவில்லை. நீண்ட நாள் இருந்தவர் கையில் அதிகம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

சிறிய பேட்சில் இந்தக் குழி வேறு வடிவத்தில் வரும். ‘மூன்று முறைக்கு மேல் பேசியவர்களில் எல்லோரும் முடித்தார்கள்’ என்று ஷீட் சொல்லும். மூன்று முறை பேச அவர் மூன்று முறையாவது போனை எடுத்திருக்க வேண்டும். விட்டுப்போக முடிவு செய்தவர் முதல் அழைப்பையே எடுத்திருக்க மாட்டார். இதைத் தவிர்க்க, இரண்டு வகுப்புக் கோட்டைத் தொட்ட எல்லோரையும், போனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒரே கூட்டமாக எண்ண வேண்டும். அவர்களில் எத்தனை பேர் அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு வகுப்புக்காவது திரும்பினார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு அழைப்பு வைக்காத முந்தைய பேட்சின் பழைய அறிக்கைகளை எடுத்து, அதே கோட்டைத் தொட்டவர்களில் தானாகவே திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று அதே சூத்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அங்கே 17-இல் 9 பேர் தாமாகவே திரும்பியிருந்து, இந்த முறை 17-இல் 12 பேர் திரும்பினால், அழைப்பின் கணக்கில் எழுத வேண்டியது அதிகபட்சம் மூன்று பேர், 12 அல்ல. ஒரே பேட்சில் மூன்று என்பது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் இன்னும் இரண்டு மூன்று பேட்சுக்கு இதே ஷீட்டை, கோட்டை மாற்றாமல், ஓட்ட வேண்டியிருக்கும்.